முதல் க்ளிக் வரை ஓடாத கடிகாரம்

கணினியில் நிறுவி ஆடும்போது கணீரென்று ஒலிக்கிற ஒரு கேமை, பிரவுசரில் ஓடும்படி ஏற்றுமதி செய்து இணையத்தில் போடுகிறார்கள். லிங்க்கைத் திறந்தால் லோகோ சுழன்று வருகிறது, பின்னணியில் மேகங்கள் நகர்கின்றன, தலைப்புத் திரையில் நாயகன் வாளைச் சுழற்றிக்கொண்டு நிற்கிறான். சத்தம் மட்டும் வருவதில்லை. ஸ்பீக்கர் ஒலியளவைக் கூட்டிப் பார்க்கிறோம், டேப் மியூட் ஆகியிருக்கிறதா என்று பார்க்கிறோம். எதுவும் குறையில்லை. சலித்துப்போய்த் திரையில் எங்கேயோ க்ளிக் செய்கிறோம்; அடுத்த நொடி இசை, மணி, டிக் சத்தங்கள் எல்லாம் ஒன்றாகக் கொட்டுகின்றன.

இதற்குச் சொல்லப்படும் வழக்கமான விளக்கம், ‘ஆடுபவர் பக்கத்தைத் தொடும்வரை பிரவுசர் சத்தத்தை அடைத்து வைக்கும், அதுதான் ஆட்டோபிளே விதி’ என்பது. இது பாதிதான் சரி. அடைத்து வைத்திருந்தால், இசை உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருந்து, க்ளிக் செய்ததும் நடுவிலிருந்து கேட்டிருக்க வேண்டும். தொலைக்காட்சியின் மியூட் பொத்தானை விடுவித்தால் பாட்டின் முதல் வரி திரும்ப வருவதில்லையே. ஆனால் இங்கே இசை முதல் சுரத்திலிருந்து தொடங்குகிறது. காரணம், பிரவுசர் மூடியது ஒலியின் வாயை அல்ல. ஒலிக்கென்று தனியாக ஓடும் கடிகாரத்தையே அது ஓட விடவில்லை. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால், பிரவுசர் கேம்களில் வரும் விசித்திரமான ஒலிக் கோளாறுகளில் பெரும்பாலானவை புரிந்துவிடும்.

பிரவுசரில் கேம்கள் ஒலி எழுப்பப் பயன்படுத்துவது வெப் ஆடியோ என்ற ஏற்பாடு. கோடோ, யூனிட்டி போன்ற எஞ்சின்களில் செய்த கேமாக இருந்தாலும், கையால் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் கேமாக இருந்தாலும், கடைசியில் வந்து சேரும் இடம் பெரும்பாலும் இதுதான். இதன் மையத்தில் `AudioContext` என்ற ஒரு பொருள் இருக்கிறது. அது ஒலியைத் தொடர்ந்த நீரோட்டமாகத் தயாரிப்பதில்லை. 128 மாதிரிகள் கொண்ட சின்னச் சின்னத் துண்டுகளாகக் கணக்கிட்டு ஒலிச் சாதனத்துக்கு அனுப்புகிறது. நொடிக்கு 48,000 மாதிரி என்ற வேகத்தில் ஒரு துண்டின் நீளம் சுமார் 2.7 மில்லிநொடி. ஒவ்வொரு துண்டு முடிந்ததும் `currentTime` என்ற எண் அந்த 2.7 மில்லிநொடி அளவுக்கு முன்னேறும். ஒலிக் கடிகாரம் என்பது இவ்வளவுதான். சுவரில் மாட்டிய கடிகாரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எத்தனை துண்டு தயாரானதோ அத்தனை நேரம் போயிருக்கிறது என்பது இதன் கணக்கு. துண்டு தயாராகவில்லையென்றால் நேரமும் போகாது.

ஆட்டோபிளே விதி கைவைப்பது இந்தத் துண்டு தயாரிப்பில்தான். பக்கத்தின் ஸ்கிரிப்டிலேயே இரண்டு வரி எழுதி, பக்கத்தைத் திறந்து எதையும் தொடாமல் கன்சோலில் விடையைப் பார்க்கலாம்.

```js
const ctx = new AudioContext();
setTimeout(() => console.log(ctx.state, ctx.currentTime), 3000);
```

மூன்று நொடி கழித்து வரும் விடை `suspended 0`. மூன்று நொடி ஆகியும் ஒலிக் கடிகாரத்தில் பூஜ்யம். குரோம் இதோடு மஞ்சள் நிறத்தில் ஓர் எச்சரிக்கையையும் காட்டும்: `The AudioContext was not allowed to start. It must be resumed (or created) after a user gesture on the page.` ஊமைக் கேமைப் பிழைதிருத்த உட்காருகிறவர் முதலில் தேட வேண்டியது இந்த வரியைத்தான். இது இருந்தால் ஒலிக்கோப்பு கெட்டுவிட்டதா, கோப்பின் வழி தவறா என்றெல்லாம் அலைய வேண்டியதில்லை.

இனி ஒரு சின்னக் கேமை எடுத்துக்கொண்டு நொடி நொடியாகப் பார்ப்போம். பக்கம் திறந்து அரை நொடியில் லோகோவோடு ஒரு மணிச் சத்தம் ஒலிக்க வேண்டும். இரண்டாவது நொடியில் பின்னணி இசை. தலைப்புத் திரையில் மூன்று பொத்தான்கள். மவுஸ் அவற்றின்மேல் போகும்போதெல்லாம் ஒரு ‘டிக்’. ஆடுபவர் சத்தம் வராததால் யோசனையோடு மவுஸை அப்படியும் இப்படியும் நகர்த்துகிறார். அதற்குள் ஒன்பது டிக். ஏழாவது நொடியில்தான் முதல் பொத்தானை க்ளிக் செய்கிறார்.

கேமின் கோட் ஒவ்வொரு முறையும் ஒலித்துண்டிடம் `start()` என்கிறது. ‘இப்போதே தொடங்கு’ என்பது அதன் பொருள். ஆனால் ‘இப்போது’ என்பதை ஒலிக் கடிகாரத்திடம்தான் கேட்க வேண்டும். அரை நொடியில் கேட்டாலும் அது பூஜ்யம் என்கிறது. இரண்டாவது நொடியிலும் பூஜ்யம். ஆறரையாவது நொடியில் ஒன்பதாவது டிக் வரும்போதும் பூஜ்யம்தான். எந்த அழைப்பும் தோற்கவில்லை, எந்தப் பிழையும் எறியப்படவில்லை. பதினொரு ஒலிகளும் வரிசையில் போய் நிற்கின்றன. ரயில்வே கேட் மூடியிருக்கும்போது வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்ந்த வண்டிகள், கேட் தூக்கியதும் ஒரே சமயத்தில் முண்டியடித்துக் கிளம்புவது போல, ஏழாவது நொடியில் கடிகாரம் ஓடத் தொடங்கியதும் பதினொன்றும் முதல் துண்டிலேயே சேர்ந்து ஒலிக்கின்றன.

அதிலும் அந்த ஒன்பது டிக்குகள்தான் வில்லங்கம். வெவ்வேறு ஒலிகள் கலந்தால் ஓரிடத்தில் கூடும், ஓரிடத்தில் கழியும். ஒரே ஒலிக்கோப்பு ஒரே மாதிரியில் ஒன்பது முறை தொடங்கினால் கழிவதற்கு வழியே இல்லை. அலையின் உயரம் நேராக ஒன்பது மடங்காகும். டெசிபெல் கணக்கில் சுமார் 19. டிக்கின் உச்சி 0.3 என்று அடக்கமாக வைத்திருந்தாலும் கூட்டுத்தொகை 2.7 ஆகிவிடும். ஒலிச் சாதனம் ஏற்பது 1 வரைக்கும்தான். அதற்கு மேலே உள்ளதெல்லாம் வெட்டுப்பட்டு, மென்மையான டிக் ஒரு ‘டமார்’ ஆக வெளிவருகிறது. ஹெட்ஃபோன் மாட்டியிருப்பவர் அதைக் கழற்றி எறிவார். முதல் க்ளிக்கில் மட்டும் வெடித்துவிட்டு அதன்பின் ஒழுங்காக ஒலிக்கும் கேமைப் பார்த்தால், ஒலிக்கலவையில் கோளாறு என்று ஒலியளவைக் குறைக்கப் போக வேண்டாம். காரணம் நின்றிருந்த கடிகாரம்.

இன்னொரு விளைவு சத்தமே இல்லாதது, அதனால் கண்டுபிடிப்பது கடினம். ஓர் ஒலி முடிந்ததும் `ended` என்ற அறிவிப்பு வரும். சில கேம்களில் ‘லோகோ மணி ஒலித்து முடிந்ததும் தலைப்புத் திரைக்குப் போ’ என்று எழுதியிருப்பார்கள். கடிகாரம் ஓடவில்லையென்றால் மணி ஒருநாளும் முடியாது. லோகோத் திரையிலேயே கேம் உறைந்து நிற்கும். அந்தத் திரையில் க்ளிக் செய்ய எதுவும் இல்லாததால் ஆடுபவரும் செய்ய மாட்டார். கேம் தொங்கிவிட்டது என்று டேப்பை மூடிவிட்டுப் போய்விடுவார். ஒலிப் பிரச்சினை ஒன்று இப்படி ஏற்றும் பிரச்சினையாக வேடம் போடுவது உண்டு.

தாளத்தை நம்பி ஆடும் கேம்களில் நிலைமை வேறு. பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 120 தட்டு, அதாவது தட்டுக்கு அரை நொடி என்று வைத்துக்கொள்வோம். திரையில் விழும் அம்புகளின் இடத்தை `performance.now()` என்ற சாதாரணக் கடிகாரத்தை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். பக்கம் திறந்ததுமே அம்புகள் விழத் தொடங்கிவிட்டன. ஆடுபவர் முதல் விசையைத் தட்டியது 7.2 நொடியில். பாட்டு அப்போதுதான் தொடங்குகிறது, அம்புகளோ 14.4 தட்டு முன்னே போய்விட்டன. அதன்பின் இரண்டும் ஒரே வேகத்தில் ஓடும், ஆனால் ஒருபோதும் சேராது. சரியாக ஏழாவது நொடியில் தட்டியிருந்தால் பிசகு 14 முழுத் தட்டு. தாளம் ஒத்துப்போவது போலவே காதுக்குப் படும், வரும் அம்புகள் மட்டும் பாட்டின் வேறோர் இடத்துக்கானவையாக இருக்கும். சோதிப்பவரைப் பைத்தியமாக்க இது போதும்.

இந்தக் கோளாறை அடையாளம் காண ஒரு வழி உண்டு. ஓர் ஆட்டத்துக்குள் பிசகின் அளவு மாறாது. பக்கத்தை மூடித் திறந்தால் வேறோர் அளவு வரும், ஏனென்றால் ஆடுபவர் இந்த முறை வேறொரு நேரத்தில் தட்டியிருப்பார். ப்ளூடூத் இயர்போனால் வரும் தாமதம் இப்படி நொடிக்கணக்கில் போகாது. எத்தனை முறை திறந்தாலும் கிட்டத்தட்ட அதே அளவில் நிற்கும். தீர்வும் கடிகாரத்திலேயே இருக்கிறது. அம்பின் இடத்தை `ctx.currentTime` கொண்டு கணக்கிட்டால், ஒலிக் கடிகாரம் நிற்கும்போது அம்புகளும் நிற்கும், ஓடும்போது சேர்ந்து ஓடும். நொடிக்கு 60 சட்டகம் வரையும் திரையில் ஒரு சட்டகம் 16.7 மில்லிநொடி, 2.7 மில்லிநொடிக்கு ஒருமுறை நகரும் கடிகாரம் அதற்குத் தாராளமாகப் போதும்.

அப்படியானால் இந்தக் கடிகாரத்தை ஓடவிடும் உரிமை எந்தச் செயலுக்கு உண்டு? பக்கத்தை ஆடுபவர் மனமறிந்து தொட்டார் என்று பிரவுசர் நம்பும்படியான செயலுக்கு. எச்டிஎம்எல் தரநிர்ணயம் அதற்கென ஒரு சின்னப் பட்டியல் வைத்திருக்கிறது: விசையை அழுத்துவது, மவுஸ் பொத்தானை அழுத்துவது, தொடுதிரையில் விரலை எடுப்பது. மவுஸை நகர்த்துவது இதில் சேராது. நாம் பார்த்த ஒன்பது டிக்கும் கேட்டைத் திறக்காமல் வரிசையில் மட்டும் போய் நின்றது அதனால்தான். பக்கத்தை உருட்டுவதும் சேராது. விசைகளில் `Esc` மட்டும் விலக்கு. எதையாவது விட்டு வெளியேறத்தான் அதை அழுத்துகிறோம். அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது முறையாகாது.

தொடுதிரையில் விரலை வைப்பது கணக்கில் வராமல், எடுப்பது மட்டும் ஏன் கணக்கில் வருகிறது என்ற கேள்வி நியாயமானது. திரையில் விரல் பட்ட கணத்தில், அது தட்டலா, பக்கத்தை மேலே தள்ளப் போகிறாரா என்று பிரவுசருக்குத் தெரியாது. விரலை எடுக்கும்போதுதான் தெரியும். கேம் எழுதுகிறவர்கள் வேகத்துக்காக `touchstart` நிகழ்வையே பிடித்துப் பழகியவர்கள். அந்தப் பழக்கத்தில் ஒலியைத் திறக்கும் கோடையும் அங்கேயே வைத்து, ‘ஒருமுறை நடந்தால் போதும்’ என்று அந்தக் கண்காணிப்பை உடனே நீக்கியும் விடுகிறார்கள். விரல் பட்டதும் கேட்டைத் திறக்கச் சொல்கிறது கோட். உரிமை இல்லை என்று பிரவுசர் அசையாமல் இருக்கிறது. விரலை எடுக்கும்போது உரிமை வருகிறது, ஆனால் கேட்க ஆளில்லை. மவுஸில் வேலை செய்து கைப்பேசியில் மட்டும் ஊமையாக இருக்கும் கேம்களில் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

இந்த விதி குரோமிலிருந்து வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஐபோன்தான் முன்னோடி. 2012-இல் ஐஓஎஸ் 6-உடன் வெப் ஆடியோ அங்கே நுழைந்தபோதே, விரல் படும்வரை ஒலி கிடையாது என்ற நிபந்தனையோடுதான் நுழைந்தது. கணினிப் பயனர்களுக்கு இது உறைத்தது 2018 ஏப்ரலில், குரோம் 66 வந்தபோது. திறந்த கணத்தில் அலறும் விளம்பர வீடியோக்களை அடக்குவது நோக்கம்; அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருந்திருக்க முடியாது. ஆனால் அதே கத்தி வெப் ஆடியோவின் மீதும் விழுந்தது. விளம்பரத்துக்காகப் போட்ட பூட்டு, விளம்பரமே இல்லாத ஆயிரக்கணக்கான கேம்களையும் இசைக் கருவிகளையும் ஊமையாக்கியது. கேம் வடிவமைப்பாளர்கள் கொதித்தார்கள். ‘க்யூவாப்’ கேமைச் செய்த பென்னெட் ஃபாடியும் அவர்களில் ஒருவர். புதிய கேமைத் திருத்திக்கொள்ளலாம். செய்தவர் கைவிட்டுப் போன பழைய கேமை யார் திருத்துவது என்பது அவர்கள் கேள்வி. மே மாதமே கூகிள் வெப் ஆடியோவுக்கு மட்டும் விதியை விலக்கிக்கொண்டது. அக்டோபரில் குரோம் 70-இல் மீண்டும் கொண்டுவருவதாகச் சொல்லி, பிறகு அதையும் தள்ளி, டிசம்பரில் குரோம் 71-இல் கொண்டுவந்தது. ஃபயர்பாக்ஸ் 2019 மார்ச்சில், தன் 66-ஆம் பதிப்பில், ஒலியோடு தானே ஓடும் வீடியோக்களையும் ஆடியோக்களையும் தடுக்கத் தொடங்கியது.

விதியை விலக்கிய மே மாதத்துக்கும் மீண்டும் கொண்டுவந்த டிசம்பருக்கும் இடையில் குரோம் ஒரு சமரசத்தைச் சேர்த்திருந்தது. ஆடுபவர் பக்கத்தைத் தொட்ட பிறகு கேம் ஏதாவது ஓர் ஒலித்துண்டிடம் `start()` சொன்னால், கடிகாரத்தைக் குரோமே ஓடவிட்டுவிடும். அதற்கென்று தனிக் கோட் வேண்டாம். துப்பாக்கி சுட்டால், குதித்தால், நாணயம் எடுத்தால் என்று அடிக்கடி ஒலி தொடங்கும் பழைய கேம்கள் பல இதனால் தாமாகவே உயிர்பெற்றன. நல்ல யோசனைதான். ஆனால் இது கேட்டைத் திறப்பது மட்டுமே. வரிசையில் நிற்பவர்களை ஒழுங்குபடுத்தும் வேலை அல்ல. நம் உதாரணக் கேமில், க்ளிக்கோடு ஒரு பொத்தான் சத்தம் தொடங்கியதும் கடிகாரம் தானே ஓடும், பதினொன்றோடு பன்னிரண்டாவதாக அதுவும் சேர்ந்து வெடிக்கும்.

செய்தவர் கணினியில் மட்டும் இந்தப் பிரச்சினை தலைகாட்டாமல் போவதற்கும் காரணம் உண்டு. கணினிக் குரோம், ஒவ்வொரு தளத்திலும் நாம் எவ்வளவு விரும்பி ஒலி கேட்கிறோம் என்று ஒரு மதிப்பெண் போட்டு வைக்கிறது. டேப் கண்முன் இருக்க, மியூட் செய்யாமல், ஏழு நொடிக்கு மேல் கேட்டது போன்ற நிபந்தனைகளை வைத்து அந்தக் கணக்கு நடக்கும். முகவரிப் பட்டையில் `chrome://media-engagement` என்று தட்டினால் நம்முடைய பட்டியலை நாமே பார்க்கலாம். மதிப்பெண் ஏறிய தளத்துக்கு க்ளிக் தேவையில்லை. தன் கேமைத் தானே நாள் முழுக்க ஆடிச் சோதிக்கிறவரின் பிரவுசரில் அந்தத் தளத்தின் மதிப்பெண் ஏறிவிட வாய்ப்பு அதிகம். அவருக்குக் கேட்கும், முதன்முதலாக வரும் விருந்தாளிக்குக் கேட்காது. அதே தளத்தின் ஒரு பக்கத்தில் க்ளிக் செய்து இன்னொரு பக்கத்துக்குப் போனாலும் உரிமை கூடவே வருகிறது. தளத்தின் கேம் பட்டியலைத் திறந்து கேமைத் தேர்ந்தெடுத்து உள்ளே போனவருக்கும் கேட்கும், நண்பர் அனுப்பிய நேரடி லிங்க்கில் வந்தவருக்குக் கேட்காது. ஆகவே சோதனையைப் புதிதாக உருவாக்கிய ஒரு குரோம் சுயவிவரத்தில், நேரடி முகவரியைத் தட்டித்தான் செய்ய வேண்டும்.

போகிற போக்கில் ஒன்று. உலாவல் வரலாறே இல்லாத புதிய பயனருக்காகக் குரோம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தளங்களுக்கு முன்கூட்டியே சலுகை கொடுத்து வைத்திருப்பதாக 2018-இல் கூகிள் சொன்னது. பெரிய தளங்களுக்கு வாசல் முதல் நாளிலிருந்தே திறந்திருக்கிறது. ஒரு கல்லூரி மாணவர் செய்த கேம்தான் கதவைத் தட்டிக் காத்திருக்க வேண்டும். விதியின் நோக்கத்தைக் குறை சொல்ல முடியாவிட்டாலும் இந்த ஏற்றத்தாழ்வு எனக்கு உறுத்துகிறது.

கேம்களை ஏற்றி வைக்கும் தளங்களில் இன்னொரு மடிப்பு இருக்கிறது. அங்கே கேம் நேராகப் பக்கத்தில் ஓடுவதில்லை. வேறொரு முகவரியிலிருந்து `iframe` என்ற சட்டத்துக்குள் ஓடுகிறது. வெளிப் பக்கத்தில் செய்த க்ளிக் உள்ளே இருக்கும் வேற்று முகவரிச் சட்டத்துக்குத் தானாகப் போய்ச் சேராது. ஆனால் அந்தச் சட்டத்தில் `allow="autoplay"` என்று எழுதியிருந்தால், வெளிப் பக்கத்துக்குக் கிடைத்த உரிமையில் உள்ளே இருப்பதற்கும் பங்கு கிடைக்கும் என்பது குரோமின் ஏற்பாடு. ‘கேமைத் தொடங்கு’ என்ற பொத்தானை வெளிப் பக்கத்தில் வைத்து, அதை அழுத்திய பிறகே கேமை ஏற்றும் தளங்களில் குரோமில் முதல் நொடியிலிருந்தே சத்தம் வருவது இதனால்தான். அதே தளத்தில், பக்கம் திறந்ததும் கேம் தானே தொடங்கட்டும் என்று அமைப்பை மாற்றினால் ஊமையாகிவிடும். சட்டத்துக்குள் ஓடும் கேமில் இன்னொரு சங்கடமும் உண்டு: அதை ஒருமுறை க்ளிக் செய்யாதவரை, விசைப்பலகை வெளிப் பக்கத்துக்குத்தான் சொந்தம். ஆடுபவர் கீழ்நோக்கிய அம்பை அழுத்துவார். நாயகன் குனியமாட்டான், பக்கம்தான் கீழே இறங்கும். ஒலியும் விழிக்காது.

இதையெல்லாம் கையாள வேண்டிய கோட் நீளமானதல்ல. கேட்டைத் திறப்பது இவ்வளவுதான்:

```js
const unlock = () => ctx.resume();
for (const e of ["keydown", "mousedown", "touchend"])
  window.addEventListener(e, unlock, true);

let musicStarted = false;
ctx.onstatechange = () => {
  if (ctx.state === "running" && !musicStarted) {
    musicStarted = true;
    startMusic();
  }
};
```

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. கண்காணிப்பு கேம் வரையும் கேன்வாஸில் இல்லாமல் `window`-வில் இருக்கிறது. கடைசியில் உள்ள `true`, நிகழ்வு உள்ளே போகும் வழியிலேயே பிடிக்கச் சொல்கிறது. கேம் எஞ்சின் அந்த க்ளிக்கை விழுங்கிவிட்டாலும் நமக்குத் தகவல் வந்துவிடும். அடுத்தது, கண்காணிப்பை எங்கேயும் நீக்கவில்லை. ஏற்கெனவே ஓடும் கடிகாரத்திடம் `resume()` சொல்வதால் ஒரு தீங்கும் இல்லை. நீக்கினால் வரும் தீங்கை மேலே பார்த்தோம். மூன்றாவதுதான் முக்கியம்: இசையைத் தொடங்குவது க்ளிக் அல்ல, ‘ஓடத் தொடங்கிவிட்டேன்’ என்று கடிகாரமே தரும் அறிவிப்பு. குரோமில் உரிமையில்லாத நேரத்தில் `resume()` சொன்னால் அது தோல்வி என்று பதில் தராது. பதிலே தராமல் காத்திருக்கும். ஆகவே ‘பிழை வரவில்லை, எனவே ஓடுகிறது’ என்று முடிவுகட்ட முடியாது. `state`-ஐத்தான் பார்க்க வேண்டும்.

வரிசையில் நிற்பவற்றை என்ன செய்வது என்பது கோடைவிடக் கேமின் இயல்பைப் பொறுத்த கேள்வி. டிக், குதி, மணி போன்ற குறுஞ்சத்தங்களுக்கு ஆயுள் அந்தக் கணம் மட்டும்தான். கடிகாரம் ஓடாதபோது அவற்றைத் தொடங்கவே கூடாது. ஒலியை எழுப்பும் செயல்கூற்றின் முதல் வரியில் ஒரு சோதனை வைத்தால் அந்த ‘டமார்’ ஒழிந்தது:

```js
if (ctx.state !== "running") return;
```

பின்னணி இசை அப்படியல்ல. எப்போது வந்தாலும் அது வேண்டும், அதனால் அறிவிப்புக்குக் காத்திருக்கிறது. இந்தச் சோதனை ஒரு சின்ன இழப்பையும் கொண்டுவரும். கடிகாரம் ஓடத் தொடங்கக் கொஞ்சம் நேரமாகும் என்பதால், முதல் க்ளிக்கின் பொத்தான் சத்தமும் ‘இன்னும் ஓடவில்லை’ என்று கைவிடப்படும். அந்த ஒரு சத்தத்தை மட்டும் `resume()` முடிந்த பிறகு ஒலிக்கும்படி சேர்த்துவிடலாம்.

கோடோவும் யூனிட்டியும் முதல் தொடுகையில் கேட்டைத் திறக்கும் வேலையைத் தாமே செய்கின்றன. ஆனால் எந்த எஞ்சினுக்கும் உங்கள் லோகோத் திரையில் ஒரு மணி ஒலிக்க வேண்டும் என்பதும், அது ஒலித்த பிறகே கதை தொடங்க வேண்டும் என்பதும் தெரியாது. அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் லோகோவுக்கும் முன்னால் ‘தொடங்கத் தட்டவும்’ என்று ஒரே ஒரு வரியுள்ள திரையை வைக்கிறார்கள். கேமின் எந்த அசைவும் அதன்பின்தான். பழைய ஆர்க்கேட் இயந்திரங்களில் காசு போடும் திரை பார்த்தவர்களுக்கு இது உறுத்தாது. பிரவுசர் பதிப்பில் மட்டும் இந்தத் திரை வந்தால் போதும். கணினிப் பதிப்பில் தேவையில்லை.

இத்தனையும் செய்து, `state` என்பது `running` என்று காட்டி, `currentTime` ஏறிக்கொண்டும் இருக்க, ஐபோனில் மட்டும் இன்னும் சத்தம் வரவில்லையென்றால் அது வேறு விஷயம். போனின் சைலன்ட் மோடைப் பார்க்க வேண்டும். `<audio>` குறி வழியாக வரும் ஒலியை அது தடுப்பதில்லை. வெப் ஆடியோவைத் தடுக்கும். இங்கே கடிகாரம் ஓடுகிறது, ஒலி மட்டும் அடைபட்டிருக்கிறது. சைலன்ட்டை விடுவித்தால் இசை நடுவிலிருந்து கேட்கும். ஆட்டத்தின் நடுவே அழைப்பு வந்தால் மட்டும் கதை திரும்பவும் முதலுக்கு வரும். சஃபாரி அப்போது கடிகாரத்தை நிறுத்தி `state`-ஐ `interrupted` என்று மாற்றுகிறது. பேசி முடித்துத் திரும்பும்போது அது தானே ஓடும் என்று நம்பக்கூடாது. நாம் நீக்காமல் விட்ட அந்த `touchend` கண்காணிப்பு, ஆடுபவரின் அடுத்த தட்டலிலேயே அதை ஓடவைத்துவிடும்.